‘ஆபத்தானவர்’ என்று எழுதுவதற்கு முன்
உளநல மதிப்பீட்டு அறிக்கைகளில் ஆபத்தைச் சொல்லும் முறை குறித்து

கொழும்பில் ஒருவரைப் பற்றி எழுதப்படும் உளநல மதிப்பீட்டு அறிக்கை, எழுதியவருடைய மேசையோடு நிற்பதில்லை. அதை வார்ட் தாதி படிக்கிறார், இரவுக் கடமையில் இருக்கும் இளம் வைத்தியர் படிக்கிறார். விடயம் பொலிஸுக்குப் போயிருந்தால் புதுக்கடை நீதிமன்றத்தில் நீதவானும் சட்டத்தரணிகளும் படிக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து, அந்த மனிதரை ஒரு தடவைகூடக் காணாத இன்னொருவர் பழைய கோவையைப் புரட்டி அதே வரியைத் தன் அறிக்கையில் எடுத்து எழுதுகிறார். இத்தனை கைகள் மாறும் ஆவணத்தில் மிகக் கவனமாக வாசிக்கப்படுவது, இவரால் யாருக்காவது ஆபத்து உண்டா என்று சொல்லும் பகுதிதான். பெரும்பாலும் மிக அவசரமாக எழுதப்படுவதும் அதுவே.

அந்தப் பகுதியை எப்படி எழுதுவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உண்மையான ஆபத்தை மறைக்கக் கூடாது. அதே வேளை, மனிதர் மீது வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொள்ளும் முத்திரையையும் குத்தக் கூடாது. இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆபத்தைச் சரியாகச் சொல்லும் வாக்கியத்தில் முத்திரைக்கு இடமே இருக்காது என்பது என் வாதம்.

கேள்வியைக் கொம்பனித்தெருவில் வைத்துப் பார்க்கலாம். தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் நெருங்கி வாழும் பகுதி இது. 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டதிலிருந்து, நகர மீளபிவிருத்தி என்ற பெயரில் பல குடும்பங்கள் பழைய தோட்டங்களிலிருந்து தொடர்மாடிகளுக்குப் போயிருக்கின்றன. ஓர் அறைச் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். யாராவது 119ஐ அழைத்தால் பொலிஸார் விரைவில் வந்துவிடுவார்கள். தேசிய வைத்தியசாலையும் ஓட்டோவில் போகும் தூரந்தான். ஆகவே இங்கே ஒரு குடும்பத்தின் நெருக்கடி அதே நாளில் ஆவணமாகிவிடுகிறது.

ஓர் அறிக்கைப் பந்தி

கீழே வருபவர் உண்மையான தனிநபர் அல்லர். இத்தகைய அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் தென்படும் கூறுகளைச் சேர்த்து, விளக்கத்துக்காக அமைத்த மாதிரி.

முப்பத்து நான்கு வயது, ஓட்டோ சாரதி. தாயுடனும் திருமணமாகாத அண்ணனுடனும் கொம்பனித்தெருத் தொடர்மாடியொன்றில் இருக்கிறார். உளச்சிதைவு நோய்க்கு மாதம் ஒருமுறை ஊசி போடுகிறார். கிளினிக் நாள் காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஒழுங்கு கிடைத்ததால் இரண்டு ஊசிகள் தவறிவிட்டன. மூன்று இரவு தூக்கமில்லை. அண்ணன் சாப்பாட்டில் நஞ்சு கலக்கிறார் என்று ஒரு குரல் சொல்லத் தொடங்குகிறது. நான்காம் நாள் இரவு, குசினிக் கத்தியை எடுத்துக்கொண்டு அண்ணனின் அறைக் கதவருகே நின்று சத்தம் போடுகிறார். தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கத்தியைக் கீழே போடுகிறார். அண்டை வீட்டார் பொலிஸை அழைக்க, அவர் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுகிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பும் மருந்தை நிறுத்தி, குடித்திருந்த நாளில் அண்ணனைத் தள்ளியிருக்கிறார். அண்ணனின் கை முறிந்தது. இடையில் நான்கு ஆண்டுகள் எந்தச் சம்பவமும் இல்லை.

அவரைப் பற்றிய அறிக்கையின் ஆபத்துப் பந்தி இப்படி அமைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“அறியப்பட்ட உளச்சிதைவு நோயாளி. மூர்க்கமானவர். வன்முறை வரலாறு உண்டு. மருந்துக்கு ஒத்துழைப்பதில்லை. நோயுணர்வு இல்லை. குரல் கேட்பதை மறுக்கிறார். தனக்கும் பிறருக்கும் ஆபத்து: அதிகம்.”

இதில் முழுப் பொய் என்று ஒரு வரியும் இல்லை. ஆனால் வாசிப்பவருக்குத் தேவையான செய்தியும் ஒன்றுகூட இல்லை. யாருக்கு ஆபத்து, எந்த வகைக் காயம், எப்போது, எதனால், என்ன செய்தால் குறையும் என்ற கேள்விகளில் எதற்கும் விடை கிடையாது. அந்த இடங்களை மனிதரைப் பற்றிய தீர்ப்புகள் நிரப்பிவிட்டன. நீதவான் இதைப் படித்தால் பிணை பற்றித் தயங்குவார். இளம் வைத்தியர் படித்தால் கட்டிலுக்கு அருகே போகத் தயங்குவார். அடுத்த வாரம் அண்ணன் எங்கே தூங்க வேண்டும் என்று இருவராலும் சொல்ல முடியாது.

முத்திரை படிப்பவரிடம் செய்வது

இச்சொற்கள் வாசிப்பவரின் முடிவையே மாற்றுகின்றன என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. 1988இல் பிரித்தானியாவில் லூயிஸ், ஆப்பிள்பி என்ற இருவர், ஒரே நோயாளியின் விவரத்தைப் பல உளமருத்துவர்களுக்கு அனுப்பினார்கள். சிலருக்கு மட்டும், அவருக்கு முன்பு ஆளுமைக் கோளாறு என்று நோய்நிர்ணயம் செய்யப்பட்டிருந்ததாக ஒரு தகவலைச் சேர்த்தார்கள். அதைப் படித்தவர்கள் அதே நோயாளியைக் கவனம் ஈர்க்க முயல்பவர், பிறரை ஆட்டிவைப்பவர், பரிவுக்கு அவ்வளவு உரியவர் அல்லர் என்று கூடுதலாக மதிப்பிட்டார்கள்.

2018இல் அமெரிக்காவில் கோடு என்பவரும் சகாக்களும், அரிவாளணு நோயால் கடும் வலியோடு வந்த ஒருவரைப் பற்றி இரண்டு மருத்துவக் குறிப்புகளைத் தயாரித்தார்கள். மருத்துவச் செய்தி இரண்டிலும் ஒன்றே. ஒன்று நடுநிலையான மொழியிலும் மற்றது சந்தேகமும் சலிப்பும் தொனிக்கும் மொழியிலும் இருந்தது. பங்கேற்ற 413 மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி வைத்தியர்களிலும், இரண்டாவதைப் படித்தவர்கள் நோயாளி மீது எதிர்மறையான எண்ணம் கொண்டார்கள். வலிநிவாரணத்தையும் குறைவாகவே தந்திருப்பார்கள். ஆக, முதலில் எழுதியவரின் சலிப்பு, நோயாளியைக் காணாத இரண்டாமவரின் மருந்துச் சீட்டுக்குள் போய்விடுகிறது.

நம் பந்திக்குத் திரும்புவோம். ‘ஒத்துழைப்பதில்லை’ என்று படித்தவர் அவரை அடம்பிடிப்பவர் என்று எண்ணுவார். நடந்ததோ, கிளினிக் நேரமும் பிழைப்பு நேரமும் மோதிக்கொண்டது. பிற்பகல் கிளினிக்குக்கு மாற்றினால் தீரக்கூடிய சிக்கல் அது. முத்திரை அந்தத் தீர்வைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டது. ‘மறுக்கிறார்’ என்ற சொல், அவர் எதையோ ஒளிக்கிறார் என்ற தொனியைத் தருகிறது. ‘குரல் இப்போது கேட்கவில்லை என்கிறார், பேசும்போது இடையில் நிறுத்திச் செவிமடுப்பது போல இரு தடவை தென்பட்டது’ என்று எழுதினால், அவர் சொன்னதும் எழுதியவர் கண்டதும் தனித்தனியே நிற்கும். ‘நோயுணர்வு இல்லை’ என்பதும் அப்படியே. ஊசி தூக்கத்துக்கு உதவுகிறது, அதனால் போடுவேன், ஆனால் அண்ணன் நஞ்சு வைத்தது உண்மைதான் என்று ஒருவர் சொல்லலாம். இதில் பாதி ஏற்பும் பாதி ஏற்பின்மையும் உண்டு. சிகிச்சைத் திட்டம் அந்த ஏற்கும் பாதியின் மேல்தான் கட்டப்பட வேண்டும்.

‘அதிகம், நடுத்தரம், குறைவு’

பந்தியின் கடைசிச் சொல் ‘அதிகம்’. பார்வைக்கு இது முத்திரை போலத் தெரியாது, அளவுகோல் போலத் தெரியும். ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன.

2016இல் மத்தியூ லார்ஜ் என்ற ஆஸ்திரேலிய உளமருத்துவரும் சகாக்களும், தற்கொலை ஆபத்து பற்றிய 37 நீள்கால ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், ‘அதிக ஆபத்து’ என்று வகைப்படுத்தப்பட்டவர்களில் 5.5 வீதத்தினரே தற்கொலையால் இறந்திருந்தார்கள். குறைந்த ஆபத்து என்று வகைப்படுத்தப்பட்டவர்களில் அது 1 வீதம். வித்தியாசம் உண்மையானதுதான். ஆனால் இறந்தவர்கள் அனைவரையும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ பாதிப் பேர் குறைந்த ஆபத்துப் பட்டியலில் இருந்தவர்கள். அதாவது, ‘அதிகம்’ என்று எழுதப்பட்ட நூறு பேரில் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்கு அந்த முடிவு நேரவில்லை. ‘குறைவு’ என்ற சொல்லோ பாதி மரணங்களுக்கு முன்னால் ஓர் ஆறுதலாக நின்றிருக்கிறது.

வன்முறைக்கும் இதே நிலைதான். 2012இல் ஃபேசலும் சகாக்களும் 24,827 பேரை உள்ளடக்கிய 73 மாதிரிகளைத் தொகுத்தார்கள். மதிப்பீட்டுக் கருவிகள் நடுத்தரம் அல்லது அதிகம் என்று காட்டியவர்களில் 41 வீதத்தினரே பிறகு வன்முறைக் குற்றத்தில் ஈடுபட்டிருந்தார்கள். கருவியைக் கொண்டு அளந்தும் பத்துப் பேரில் ஆறு பேர் மீது தவறாக விழும் சொல், கருவியில்லாமல் அவசரத்தில் எழுதும்போது இன்னும் எத்தனை பேர் மீது விழும்?

இவற்றையெல்லாம் கருதியே, பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட சுயதீங்கு வழிகாட்டியில், எதிர்காலத் தற்கொலையை முன்கூட்டிச் சொல்வதற்காக ஒருவரை அதிகம், நடுத்தரம், குறைவு என வகைப்படுத்த வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னது. யாருக்குச் சிகிச்சை தருவது என்பதையும் அந்த வகைப்பாட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது என்றது. ஒவ்வொருவரின் தேவையையும் பாதுகாப்பையும் தனித்தனியே பார்க்கும்படி அது கேட்கிறது.

எண்ணில் எழுதினால் சிக்கல் தீருமா? அதற்கும் 2000இல் ஸ்லோவிக், மொனஹன், மக்ரெகர் ஆகியோர் செய்த ஆய்வு விடை தருகிறது. வைத்தியசாலையிலிருந்து ஒருவரை வெளியே அனுப்பலாமா என்று உளநலத் துறையினரிடம் கேட்டார்கள். இத்தகையவர்கள் வன்முறையில் ஈடுபட 20 வீத வாய்ப்பு உண்டு என்று படித்தவர்களில் 21 வீதத்தினர் அனுப்ப மறுத்தார்கள். இவரைப் போன்ற 100 பேரில் 20 பேர் வன்முறையில் ஈடுபடுவார்கள் என்று படித்தவர்களில் மறுத்தவர்கள் 41 வீதம். இரண்டும் ஒரே கணக்கு. இரண்டாவது வடிவம் கண்முன்னே இருபது தாக்குதல்காரர்களை நிறுத்துகிறது, அவ்வளவுதான். ஆகவே எண்ணும் நடுநிலையானதல்ல. அதைத் தரவேண்டி வந்தால், இருபது பேர் ஈடுபடலாம், எண்பது பேர் ஈடுபட மாட்டார்கள் என்று இரு பக்கத்தையும் சேர்த்துத் தருவதே முறை.

மென்மையும் தவறாகலாம்

இவ்வளவையும் படித்தவர், கடுமையாகத் தோன்றும் எதையும் அறிக்கையில் எழுதாமல் விடுவதே நல்லது என்ற முடிவுக்கு வரக்கூடும். அதன் விலையையும் உலகம் கண்டிருக்கிறது.

1992 டிசம்பர் 17ஆம் திகதி லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் நிலத்தடி ரயில் நிலையத்தில் ஜொனத்தன் ஸீட்டோ என்ற இளைஞரை, அவருக்கு முன்பின் தெரியாத கிறிஸ்டோபர் குளூனிஸ் என்பவர் குத்திக் கொன்றார். குளூனிஸ் உளச்சிதைவு நோய்க்காகப் பல ஆண்டுகளாகப் பல வைத்தியசாலைகளில் சிகிச்சை பெற்றவர். 1994இல் வெளிவந்த ஜீன் ரிச்சியின் விசாரணை அறிக்கை, முன்னைய வன்முறைச் சம்பவங்கள் கவனிக்கப்படாமலும் குறைத்துக் காட்டப்பட்டும் வந்ததையும், அவரது வரலாறு ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேராததையும் வரிசையாகப் பதிவு செய்தது. இழப்பு ஸீட்டோவின் குடும்பத்தோடு நிற்கவில்லை. குளூனிஸுக்கும் உரிய வேளையில் உரிய சிகிச்சை கிடைக்கவில்லை.

எனவே நம் மாதிரியில் கத்தி கத்தியாகவே எழுதப்பட வேண்டும். ‘அண்ணனுடன் சிறு மனத்தாங்கல் ஏற்பட்டது’ என்று எழுதுவது, ‘மூர்க்கமானவர்’ என்று எழுதுவதைவிட எந்த விதத்திலும் சிறந்ததல்ல. நடந்ததை இரண்டு வாக்கியங்களும் மறைக்கின்றன. முதல் வாக்கியம் அதைக் குறைக்கிறது, இரண்டாவது வாக்கியம் அதை ஒரு குணமாக்கிவிடுகிறது. செயலைச் செயலாக எழுத வேண்டும்: யார், எதைக் கையில் எடுத்தார், எங்கே நின்றார், என்ன சொன்னார், எது அவரை நிறுத்தியது. கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் விடுபடுகிறது. தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கத்தி கீழே விழுந்தது என்பது, கத்தி எடுக்கப்பட்டது என்ற அளவுக்கு முக்கியமான மருத்துவத் தகவல்.

எழுதும் முறை

2016இல் பிசானி, மரீ, சில்வர்மன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், ஆபத்தை முன்கூட்டிச் சொல்வதை விட்டு அதைத் தடுப்பதற்காக எழுதும் வடிவமொன்றை முன்வைத்தார்கள். தற்கொலை பற்றி எழுதுவதற்காக அமைந்ததுதான். ஆயினும் பிறருக்கு நேரக்கூடிய தீங்குக்கும் நன்றாகவே பொருந்துகிறது. அதில் நான்கு கேள்விகள்.

முதலாவது, யாரோடு ஒப்பிடும்போது? ‘அதிகம்’ என்றால் எதைவிட அதிகம் என்று சொல்ல வேண்டும். அதே கிளினிக்கில் மாதாந்த ஊசி போடுபவர்களோடு ஒப்பிட்டா, வார்டில் இருக்கும் மற்றவர்களோடு ஒப்பிட்டா? இரண்டாவது, தன்னோடு ஒப்பிடும்போது இப்போது எப்படி? கடந்த மார்கழியில் இருந்ததைவிட இன்று கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? மூன்றாவது, கைவசம் உள்ள துணைகள் எவை? தாய், ஓட்டோத் தொழில், நான்கு ஆண்டுகள் தவறாமல் போட்ட ஊசி. நான்காவது, என்ன மாறினால் நிலைமை விரைவில் மாறும்? ஊசி தவறுவது, தூக்கம் கெடுவது, குடி, வீட்டுக் கணக்கு வழக்குச் சண்டை.

இந்நான்கோடு, எழுதுபவர் தனக்குத்தானே ஒரு விதியும் வைத்துக்கொள்ளலாம். தீங்கு ஒவ்வொன்றையும் தனியாகப் பேச வேண்டும். ‘தனக்கும் பிறருக்கும் ஆபத்து’ என்ற தேய்ந்த தொடர், நான்கைந்து வேறுபட்ட கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. அண்ணனைக் காயப்படுத்துவது ஒன்று. தெருவில் போகிறவரைத் தாக்குவது வேறு. தன்னுயிரை மாய்ப்பது வேறு. நோய் முற்றிய நிலையில் ஓட்டோ ஓட்டுவது இன்னும் வேறு. நம் மாதிரியில் முதலாவதற்குச் சான்று உண்டு, இரண்டாவதற்கு இல்லை. கடைசியாகச் சொன்னதை முதற்பந்தி நினைக்கவே இல்லை. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர் மூன்று இரவு தூங்காமல் இருந்தார் என்பதைப் பெரிய எழுத்து முத்திரை மறைத்துவிட்டது.

இனி அதே பந்தியை மறுபடி எழுதிப் பார்ப்போம்:

“இம்மதிப்பீட்டில் முதன்மையான ஆபத்து, இவரால் மூத்த சகோதரருக்கு உடற்காயம் நேரலாம் என்பது. சென்ற வாரம் இரவில், சகோதரர் உணவில் நஞ்சு கலப்பதாக ஒரு குரல் சொன்னதை நம்பி, குசினிக் கத்தியுடன் அவரது அறைக் கதவருகே நின்று சத்தமிட்டார். தாய் கூப்பிட்டதும் கத்தியைக் கீழே போட்டார். எவருக்கும் காயமில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் சகோதரரைத் தள்ளியதில் அவரது கை முறிந்தது. இரு சம்பவங்களும் மருந்து தவறிய காலத்தில் நடந்தன. முன்னைய சம்பவத்தில் மதுவும் இருந்தது. மருந்து ஒழுங்காகக் கிடைத்த இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் சம்பவம் எதுவும் இல்லை என்று தாயும் கிளினிக் கோவையும் சொல்கின்றன. வெளியாட்களைத் தாக்கியதாகவோ மிரட்டியதாகவோ தகவல் இல்லை.

தன் வழமையான நிலையைவிட இவ்வாபத்து இன்று கூடுதலாக உள்ளது. ஊசி போடப்பட்டு, தூக்கம் சீராகி, நஞ்சு பற்றிய நம்பிக்கை தளரும்போது குறையும் என எதிர்பார்க்கலாம். ஊசி தவறினாலோ, தொடர்ந்து இரண்டு இரவு தூக்கம் கெட்டாலோ, குடித்தாலோ, சாப்பாட்டைச் சந்தேகித்துச் சாப்பிடாமல் விட்டாலோ மீண்டும் கூடும். கிளினிக் நேரம் தொழில் நேரத்தோடு மோதியதால் இரு ஊசிகள் தவறின. பிற்பகல் நேரத்தை அவர் ஏற்றுக்கொண்டுள்ளார். குரல் அடங்கும்வரை சகோதரர் வேறிடத்தில் இரவு தங்க உடன்பட்டுள்ளார். தற்கொலை எண்ணம் இல்லை என்கிறார். தாயும் அப்படியொன்றைக் கேட்டதில்லை என்கிறார். தூக்கமின்றி வாகனம் செலுத்துவது பற்றிப் பேசப்பட்டது. மறுபரிசோதனைவரை ஓட்டுவதில்லை எனச் சம்மதித்துள்ளார். இம்மதிப்பீடு நான்கு வாரங்களுக்கு, அல்லது மேற்சொன்னவற்றில் ஒன்று நேரும்வரை மட்டுமே பொருந்தும்.”

இது நீளமானது, உண்மைதான். ஆனால் இதில் கத்தியும் இருக்கிறது, முறிந்த கையும் இருக்கிறது. முதற்பந்தியைவிட ஆபத்தைக் கூடுதலாகவே சொல்கிறது. மூர்க்கம், ஒத்துழையாமை, நோயாளி என்ற சொற்கள் எதுவும் தேவைப்படவில்லை. எழுதியதும் மூன்று விதமாகச் சோதித்துப் பார்க்கலாம். இதை அந்த மனிதருக்கே வாசித்துக் காட்டினால், பிடிக்காவிட்டாலும் இது தன்னைப் பற்றியது என்று ஒப்புக்கொள்வாரா? இரவு இரண்டு மணிக்குப் படிக்கும் இளம் வைத்தியருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியுமா? ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு இது பழைய செய்தி என்று புரியுமா? முதற்பந்தி இம்மூன்றிலும் தோற்கிறது. ‘மூர்க்கமானவர்’ என்ற சொல்லுக்குக் காலாவதித் திகதி கிடையாது.

மொழி, வீடு, நீதிமன்றம்

கொம்பனித்தெருவில் எழுதும்போது மேலும் மூன்று சிக்கல்கள் எழுகின்றன.

ஒன்று, பேசுவது தமிழில், எழுதுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில், நீதிமன்றில் கேட்பது சிங்களத்தில். நம் வீடுகளில் “உன்ன கொன்னுடுவேன்” என்று தாய் பிள்ளையைப் பார்த்துச் சொல்வது நாளாந்தம் நடப்பது. அதுவே மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கொலை மிரட்டல் என்று கோவையில் ஏறினால் வேறொரு பொருளைப் பெற்றுவிடும். மறுபக்கம், மெல்லிய குரலில் “இனி அண்ணன் சாப்பிடத் தேவையில்லை” என்று சொன்னது சாதாரண வாக்கியமாகக் கடந்து போய்விடும். ஆகவே முக்கியமான கூற்றைச் சொன்னவரின் வாய்மொழியிலேயே எழுதி, எந்தத் தருணத்தில், என்ன தொனியில், யாரிடம் சொன்னார் என்பதைச் சேர்த்து, பிறகே பொருளைத் தர வேண்டும். வீட்டார் சொல்லும் ‘விசர்’, ‘பேய்க்குணம்’ போன்ற சொற்களையும், அவர்கள் கண்டது என்ன என்று கேட்டுச் செயலாக மாற்றிய பிறகே அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, தகவல் தந்தவரின் பாதுகாப்பு. தாய் தனியே வந்து, மகன் இரவில் தலையணைக்கடியில் கத்தி வைக்கிறான் என்று சொல்லலாம். அதை ‘தாய் தெரிவித்தார்’ என்று எழுதிய அறிக்கையை மகனும் ஒருநாள் படிக்கக்கூடும். எழுதுமுன் தாயிடம் கேட்க வேண்டும். அவர் அஞ்சினால், அதே விடயத்தை மகனிடமே நேரில் கேட்டு அவர் வாயால் வரும் விடையைப் பதிவுசெய்ய வழி தேடலாம். பாதுகாப்புக்கு அவசியமான தகவலை விட்டுவிட முடியாது. ஆனால் அது எந்தப் பக்கத்தில், யார் கைக்குப் போகும் பிரதியில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கலாம்.

மூன்றாவது, சட்டத்தின் மொழி. இலங்கையில் உளநோய் தொடர்பான அடிப்படைச் சட்டம் 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது. பின்னர் திருத்தப்பட்டிருந்தாலும், ‘சித்தசுவாதீனமற்றவர்’ என்ற பழைய எண்ணத்திலேயே அது இயங்குகிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும் அவ்வாறே. நீதிமன்றம் அந்தச் சொல்லில் கேள்வி கேட்டால், விடையும் அந்தச் சொல்லிலேயே அமைய வேண்டியிருக்கும். அதைக் கேள்விக்கான விடையில் ஒரு தடவை பயன்படுத்தி அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மருத்துவப் பகுதிக்குள் அது நுழையக் கூடாது. நீதவான் கேட்டதற்கு மேல் குடும்ப வரலாற்றையெல்லாம் திறந்த மன்றத்துக்கு அனுப்பவும் தேவையில்லை. 1998வரை இந்நாட்டில் தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றம். அது நீக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும், ‘தற்கொலை செய்ய முயன்ற குற்றம்’ என்ற தொனியில் எழுதும் பழக்கத்தை நாமே தொடர்வதற்குக் காரணம் எதுவும் இல்லை.

எல்லைகள்

நன்றாக எழுதிய பந்தியும் எதிர்காலத்தைச் சொல்லிவிடாது. மேலே மறுபடி எழுதிய பந்தியைப் பின்பற்றி எல்லாம் செய்த பிறகும் அண்ணனுக்குக் காயம் நேரலாம். அப்படி நேரும்போது, ‘அதிகம்’ என்று ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். இந்த அச்சந்தான் பலரை எல்லோருக்கும் ‘அதிகம்’ என்று எழுதவைக்கிறது. ஆனால் விசாரணையில் எழுதியவரைக் காப்பது பெரிய சொல் அல்ல. எதைக் கேட்டார், யாரிடம் கேட்டார், என்ன கண்டார், அதன்மேல் என்ன செய்தார் என்ற பதிவுதான். எல்லோருக்கும் இடப்பட்ட ‘அதிகம்’, கவனம் வேண்டியவரை மற்றவர்களுக்குள் ஒளித்துவிடவும் செய்கிறது.

இன்னொரு எல்லை நேரம். நெரிசலான கிளினிக்கில் ஒவ்வொருவருக்கும் இரு பந்தி எழுத முடியாது என்பார்கள். முழுப் பந்திக்கு நேரமில்லாத நாளில் ஐந்து விடயங்களை மட்டுமாவது எழுதலாம்: யாருக்கு, என்ன தீங்கு, எந்த நிலையில் கூடும், எது குறைக்கும், எப்போது மறுபடி பார்க்க வேண்டும். இவ்வைந்தும் நான்கு வரியில் அடங்கும். முத்திரைகள் நிறைந்த பந்தியும் ஏறக்குறைய அதே நீளந்தான்.

அறிக்கை எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: பழைய கோவையிலிருந்து ஆபத்து வரியைப் பார்த்தெழுதாதீர்கள். அதற்குப் பின்னால் இருந்த சம்பவத்தைத் தேடுங்கள். சம்பவம் கிடைக்காவிட்டால் அந்த வரியையும் எடுக்காதீர்கள். குடும்பத்தாருக்கும் ஒன்று: அறிக்கை கேட்டு யாராவது உங்களிடம் பேசினால், ‘அவன் அப்படித்தான்’ என்று சொல்லாமல், என்ன செய்தான், எது அவனை நிறுத்தியது என்று சொல்லுங்கள். நெருக்கடியில் உடனடி உதவிக்கு, தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.